வாய்ஸ்மெயில் வரலையா? போனைத் திட்டாதீங்க, டெல்கோ ரெஜிஸ்டரைப் பாருங்க

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சின்ன ஹேண்ட்போன் கடையில நான் வேலை செய்றேன், ரிப்பேர்தான் முக்கால்வாசி. போன வாரம் ஒரு லோரி அண்ணன் வந்தாரு, எஸ்டேட்ல இருந்து செம்பனை குலை ஏத்தி மில்லுக்கு ஓட்டுறவரு. "தம்பி, இந்த போன்ல வாய்ஸ்மெயில் வர்றதே இல்ல, மில்லுல கூப்பிட்டா எனக்குத் தெரியல, போன் கெட்டுப்போச்சு போல, மாத்திரலாமா"ன்னாரு. மூணாம் டிவிஷன் உள்ள போயிட்டா அங்க லைன் சுத்தமா கிடையாது, ரெண்டு பக்கமும் மேடு. ஆனா முன்னாடி வெளிய வந்ததும் மெசேஜ் வந்துரும், ஒரு மாசமா அதுவும் நின்னு போச்சு.

போன்ல ஒண்ணும் இல்ல. ஒரு மாசத்துக்கு முன்னாடி குடும்ப வாட்சாப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்திருக்கு, "உங்க போனை யாரோ ஒட்டுக் கேக்குறாங்க, உடனே ##002# அடிங்க"ன்னு. அண்ணன் அடிச்சிருக்காரு. அன்னைக்கே வாய்ஸ்மெயில் போச்சு, ஆனா அவரு ரெண்டையும் சேர்த்துப் பாக்கல. வாய்ஸ்மெயிலும் கால் ஃபார்வேர்டிங்கும் ஒரே விஷயம்னு யாரும் அவருக்குச் சொன்னதில்ல, என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கும் தெரியாது, அதனாலதான் இத எழுதுறேன்.

## எஸ்டேட் ஆபீஸ் கிராணி கையில இருக்கிற நோட்டு

எஸ்டேட்ல வளந்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். கடுதாசி எல்லாம் நேரா வீட்டுக்கு வராது, ஆபீஸுக்கு வரும், கிராணி பிரிச்சு அனுப்புவாரு. இப்ப நீங்க கிராணிகிட்ட போயி, "ஐயா, நான் வீட்ல இல்லன்னா என் கடுதாசிய கடைக்காரர்கிட்ட குடுத்துருங்க"ன்னு சொல்றீங்க, அவரு நோட்டுல எழுதி வச்சுக்கிறாரு. அந்தக் குறிப்பு எங்க இருக்கு? உங்க வீட்ல இல்ல, ஆபீஸ் நோட்டுல. வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாலும் அது வேலை செய்யும்.

கால் ஃபார்வேர்டிங் அதேதான். உங்க நம்பருக்கு வர்ற கால, சொன்ன சூழ்நிலையில வேற நம்பருக்குத் திருப்பி விடச் சொல்ற குறிப்பு அது, அவ்வளவுதான். அந்தக் குறிப்பு போன்ல இல்ல, டெல்கோவோட ரெஜிஸ்டர்ல உங்க நம்பருக்கு நேரா எழுதியிருக்கும். போன்ல இருக்கிற செட்டிங்ஸ் பக்கம் என்ன பண்ணுதுன்னா, அந்த நோட்டைப் படிச்சுக் காட்டுது, திருத்தச் சொல்லி டெல்கோவுக்கு அனுப்புது. அதனாலதான் பேட்டரி செத்துக் கிடந்தாலும் ஃபார்வேர்ட் நடக்குது. அதனாலதான் போனை ஃபேக்டரி ரீசெட் பண்ணினாலும் சரி, புதுப் போன் வாங்கினாலும் சரி, இந்தப் பிரச்சனை அப்படியே கூட வருது. அண்ணன் மட்டும் புதுப் போன் வாங்கியிருந்தா காசுதான் போயிருக்கும்.

சுருக்கமா: குறிப்பு டெல்கோகிட்ட இருக்கு. போன் வெறும் ஜன்னல்.

## நோட்டுல நாலு வரி

டெல்கோவோட நோட்டுல ஒரு நம்பருக்கு நாலு வரி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண்.

21ன்னா எப்பவும், போன் கையில இருந்தாலும் சரி, மணியே அடிக்காம எல்லாக் காலும் திரும்பிப் போயிரும். 62ன்னா போன் ஆஃப், இல்லன்னா லைன் இல்லாத இடம். 67ன்னா பிஸி. 61ன்னா மணி அடிச்சும் எடுக்கல.

கால் வரும்போது டெல்கோ இதே வரிசையில பாக்குது. முதல்ல 21 இருக்கா, இருந்தா கதை முடிஞ்சது, மத்த மூணையும் பாக்கவே பாக்காது. இல்லன்னா போன் லைன்ல இருக்கான்னு தேடும், இல்லன்னா 62. இருந்தா, வேற கால்ல இருக்கானா, அப்ப 67. எதுவும் இல்லன்னா மணியடிச்சுப் பாக்கும், குறிப்பிட்ட செகண்டுக்குள்ள எடுக்கலன்னா 61.

ஒவ்வொரு வரியிலயும் ஒரே ஒரு நம்பர்தான் எழுத முடியும். "முதல்ல பொண்டாட்டிக்குப் போட்டுப் பாரு, அவ எடுக்கலன்னா தம்பிக்கு, அதுவும் இல்லன்னா வாய்ஸ்மெயில்"னு உங்க நோட்டுல சங்கிலி போட முடியாது. பொண்டாட்டி நம்பருக்குப் போனதுக்கப்புறம் அவங்க நோட்டுல என்ன எழுதியிருக்கோ அதுதான் நடக்கும்.

21 பத்தி ஒரு வார்த்தை. கொரியர்லருந்து பேசுறேன், பார்சல் வந்திருக்கு, இந்த கோட் அடிங்கன்னு யாராவது 21 வர்ற ஒண்ணச் சொன்னா வச்சுட்டுப் போயிருங்க. உங்க கால் எல்லாம் அவன்கிட்ட போகும், அப்புறம் அவன் உங்க வாட்சாப்ப தன் போன்ல திறக்கப் பார்ப்பான், நம்பர சரிபார்க்க வர்ற கால் அவனுக்கே போயிரும்.

## வாய்ஸ்மெயில் எங்கருந்து வருது

வாய்ஸ்மெயில்னா டெல்கோ வச்சிருக்கிற ஒரு பதில் சொல்ற மிஷின். அந்த மிஷினுக்கும் ஒரு போன் நம்பர் இருக்கு, அதைத்தான் வாய்ஸ்மெயில் சென்டர் நம்பர்னு சொல்லுவாங்க. உங்க லைன்ல வாய்ஸ்மெயில் திறந்தா டெல்கோ என்ன பண்ணுதுன்னா, உங்க நோட்டுல 61, 62, 67 மூணு வரியிலயும் அந்த நம்பர எழுதி வைக்குது. நீங்க எடுக்கலன்னா கால் அந்த நம்பருக்கு ஃபார்வேர்ட் ஆகுது, மிஷின் எடுக்குது, பேசினத பதிவு பண்ணிக்குது. உங்க போன் அந்த நேரம் இதுல எங்கயுமே இல்ல.

இப்ப ##002# என்ன பண்ணுதுன்னு புரிஞ்சிருக்கும். அது நோட்டுல நாலு வரியையும் அழிக்குது. ஒட்டுக் கேக்குறவன் யாரும் அங்க இல்ல, வாய்ஸ்மெயில் நம்பர்தான் இருந்துச்சு, அதுதான் போச்சு. சில டெல்கோ, போன் ஆஃப்ல இருந்தப்ப யார் கூப்பிட்டாங்கன்னு எஸ்எம்எஸ் அனுப்புதுல்ல, பல இடத்துல அதுவும் இதே வரியைப் பிடிச்சுத்தான் ஓடுது, அதுவும் சேர்ந்து நின்னுரும்.

இதே குரூப்ல வர்ற இன்னொரு பயம், `*#62#` அடிச்சா தெரியாத நம்பர் ஒண்ணு வந்தா போன் ஹேக் ஆயிருச்சுன்னு. ஐயோ, அது பெரும்பாலும் வாய்ஸ்மெயில் சென்டர் நம்பர்தான். சந்தேகமா இருந்தா டெல்கோ கஸ்டமர் கேருக்கு அடிச்சு இந்த நம்பர் உங்களுதான்னு கேளுங்க, அழிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம். அவங்க தங்களுது இல்லன்னு சொன்னாலோ, 21ல நீங்க போடாத ஒரு நம்பர் இருந்தாலோதான் பயப்படணும்.

பதிவான மெசேஜ் போனுக்கு "வர்றது"ன்னு சொல்றோம்ல, அதுவும் தப்பு. குரல் மிஷின்லயேதான் இருக்கு. உங்களுக்கு வர்றது, மெசேஜ் இருக்குன்னு சொல்ற ஒரு அறிவிப்பு, அதைப் பாத்து நீங்க கூப்பிட்டுத்தான் கேக்கணும். அதனால வாய்ஸ்மெயில் வரலன்னு சொன்னா ரெண்டு அர்த்தம் இருக்கு, கால் மிஷினுக்கே போகலையா, இல்ல மிஷினுக்குப் போயிருச்சு அறிவிப்பு மட்டும் வரலையா. கண்டுபிடிக்கிறது சுலபம். போனை ஆஃப் பண்ணிட்டு வேற போன்லருந்து கூப்பிடுங்க. வாய்ஸ்மெயில் குரல் வந்தா வழி சரியா இருக்கு, அறிவிப்புலதான் கோளாறு, இல்லன்னா பெட்டி நிறைஞ்சிருக்கு, இல்ல முதல் தடவ திறந்து பாஸ்வர்ட் வைக்கவே இல்ல. "நீங்கள் அழைத்த எண்ணைத் தொடர்பு கொள்ள முடியவில்லை"ன்னு மட்டும் சொல்லி கட் ஆனா நோட்டுல வரியே இல்லன்னு அர்த்தம்.

அண்ணனுக்கு இதுதான், நோட்டுல வரியே இல்ல.

## லைன் இல்லன்னு டெல்கோவுக்கு எப்படித் தெரியும்

இதுல ஒரு சின்ன நுணுக்கம் இருக்கு, எஸ்டேட் ஆளுங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

நீங்க பவர் பட்டனை அமுக்கி போனை ஆஃப் பண்ணும்போது, இல்ல ஏரோப்ளேன் மோட் போடும்போது, போன் டெல்கோகிட்ட "நான் கிளம்புறேன்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போகும். அதனால அடுத்த கால் வந்ததும் டெல்கோவுக்கு உடனே தெரியும், உடனே 62க்குத் திருப்பிரும்.

ஆனா லோரியில மேட்டுக்குப் பின்னால இறங்கிட்டீங்கன்னா போன் சொல்லிக்காம காணாம போயிருது. டெல்கோ நோட்டுல "கடைசியா அந்தப் பக்கம் டவர்ல இருந்தாரு"ன்னுதான் இருக்கும். கால் வந்தா அந்த ஏரியா முழுக்க பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கும், பதில் வருதான்னு சில செகண்ட் காத்திருக்கும், வரலன்னாத்தான் 62. அந்த நேரம் கூப்பிட்டவங்களுக்கு மணிச் சத்தமே இருக்காது, சும்மா அமைதி. நிறைய பேர் "காலே போகல"ன்னு அப்பவே கட் பண்ணிடுறாங்க. மில்லுல இருக்கிறவங்ககிட்ட அண்ணன் சொல்லி வைக்க வேண்டியது இதுதான், சத்தம் இல்லன்னாலும் கொஞ்சம் பொறுங்கன்னு. போன் ரொம்ப நேரம் எந்தச் செய்தியும் அனுப்பலன்னா டெல்கோவே அதை ஆஃப்னு எழுதிக்கும், அப்புறம் வர்ற கால் உடனே திரும்பும்.

சுருக்கமா: ஆஃப் பண்ணின போனுக்கு உடனே திரும்பும், லைன் போன போனுக்குக் கொஞ்சம் அமைதிக்கப்புறம் திரும்பும், ரெண்டும் 62தான்.

## பிஸின்னு போட்டும் பிஸி ஆகலையே

67 வேலை செய்யலன்னு வர்றவங்கதான் அதிகம். காரணம் முக்காலே மூணு வீசம் கால் வெயிட்டிங். நீங்க பேசிட்டிருக்கும்போது ரெண்டாவது கால் வந்தா காதுல டுட் டுட்னு அடிக்குமே, அதுதான் கால் வெயிட்டிங். அது ஆன்ல இருந்தா டெல்கோ கண்ணுக்கு நீங்க பிஸியே இல்ல, இன்னொரு காலுக்கு இடம் இருக்கு. கூப்பிட்டவங்களுக்கும் சாதாரணமா மணியடிக்கும். நீங்க எடுக்கலன்னா அது 67க்குப் போகாது, நேரம் முடிஞ்சதும் 61க்குத்தான் போகும். அதனால 67 மட்டும் போட்டுட்டு 61ஐ வெறுமையா விட்டீங்கன்னா அந்தக் கால் எங்கயும் போகாம செத்துரும்.

ஆனா சிவப்பு பட்டனை அமுக்கி கட் பண்ணினா அது பிஸின்னு கணக்கு, 67க்குப் போகும்.

ரெண்டாவது கால் உடனே திரும்பணும்னா கால் வெயிட்டிங்கை `#43#` அடிச்சு நிறுத்தலாம், திரும்ப வேணும்னா `*43#`.

## அண்ணனுக்குப் போட்டது

அண்ணன் கேட்டது இதுதான், லைன் இல்லாத இடத்துல இருக்கும்போது கால் அண்ணிக்குப் போகணும், ஏன்னா அவரு எத்தனை மணிக்கு வெளிய வருவாருன்னு அவங்களுக்குத்தான் தெரியும். பேசிட்டிருக்கும்போதும் எடுக்காதபோதும் வாய்ஸ்மெயில் போதும்.

முதல்ல நோட்டைப் படிச்சோம். டயல் பண்ற இடத்துல அடிச்சு கால் பட்டனை அமுக்கினா போதும்.

```
*#21#
*#62#
*#67#
*#61#
```

நாலுலயும் `Not forwarded`. திரையில வாய்ஸ், டேட்டா, ஃபேக்ஸ், எஸ்எம்எஸ்னு பல வரி வரும், வாய்ஸ் வரிய மட்டும் பாருங்க, மத்தது நமக்கு வேண்டாம்.

அண்ணன் போன்ல ரெண்டு சிம். கோட் எந்த சிம்ல போகுதோ அந்த நம்பருக்குத்தான் குறிப்பு மாறும், இதை மறந்துட்டு டேட்டா சிம்ல போட்டுட்டு வேலை செய்யலன்னு வந்தவங்க எத்தனையோ பேர். மில்லுல இருக்கிற நம்பர் எந்த சிம்மோ அதைத் தேர்ந்தெடுத்துட்டுத்தான் அடிச்சோம்.

கஸ்டமர் கேருக்கு அடிச்சு வாய்ஸ்மெயில் சென்டர் நம்பர கேட்டோம், பாட்டு கேட்டுக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம். ஒண்ணு கவனிங்க, மெசேஜ் கேக்க நீங்க கூப்பிடுற நம்பரும் கால் போயி விழ வேண்டிய நம்பரும் எல்லா டெல்கோவுலயும் ஒண்ணா இருக்காது. அதனால "ஃபார்வேர்ட் போடுறதுக்கு எந்த நம்பர்"னு குறிப்பாக் கேளுங்க. அப்புறம் இப்படி அடிச்சோம். முதல் வரியில அண்ணி நம்பர், கீழ ரெண்டுலயும் வாய்ஸ்மெயில் சென்டர் நம்பர்.

```
**62*+601XXXXXXXX#
**67*+60XXXXXXXXX#
**61*+60XXXXXXXXX*11*20#
```

முன்னால +60 சேர்த்துப் போடுறது நல்லது, சிங்கப்பூர் போயிருக்கும்போது கால் வந்தாலும் நம்பர் குழம்பாது. கடைசி வரியில 11ன்னா குரல் கால், 20ன்னா இருபது செகண்ட் மணியடிச்சுப் பாரு. இந்த செகண்டை 5லருந்து 30 வரைக்கும் அஞ்சு அஞ்சா ஏத்தலாம். லோரி ஓட்டுறவரு ஓரங்கட்டி நிறுத்திட்டு எடுக்கணும், அஞ்சு பத்தெல்லாம் பத்தாது.

அப்புறம் டெஸ்ட். அண்ணன் போனை ஆஃப் பண்ணிட்டு, வீட்ல இருக்கிற அண்ணிகிட்ட இவரு போனுக்கு அடிச்சுப் பாக்கச் சொன்னாரு. என்கேஜ்ட் சத்தம். "பாத்தீங்களா தம்பி, வேலை செய்யல"ன்னாரு. எனக்கு சிரிப்பு வந்துருச்சு. அண்ணி கூப்பிட்ட கால் திரும்பி அண்ணிக்கே போகுது, அண்ணி போனோ இந்தக் கால்ல பிஸியா இருக்கு, வேற என்ன சத்தம் வரும்! மூணாவது ஒரு போன்லருந்துதான் டெஸ்ட் பண்ணணும். கடை போன்லருந்து அடிச்சேன், அண்ணி போன் உடனே அடிச்சுச்சு.

ஆனா அண்ணி எடுக்கல. அவங்க திரையில தெரிஞ்சது கடை நம்பர், அண்ணன் நம்பர் இல்ல. ஃபார்வேர்ட் ஆன கால்ல பொதுவா கூப்பிட்டவர் நம்பர்தான் தெரியும், தெரியாத நம்பர்னா ஸ்கேம்னு விட்டுருவாங்க. இதுக்காகவே மில் நம்பரையும் எஸ்டேட் ஆபீஸ் நம்பரையும் அண்ணி போன்ல பேர் போட்டு சேவ் பண்ணச் சொன்னோம்.

அடுத்து போனை ஆன் பண்ணிட்டு எடுக்காம விட்டோம், இருபது செகண்ட் கிட்ட வாய்ஸ்மெயில் குரல். சிவப்பு அமுக்கினோம், உடனே வாய்ஸ்மெயில். வாட்சாப் கால் இதுல எதுக்கும் கட்டுப்படாது, அது இண்டர்நெட்ல போறது, டெல்கோ நோட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

## கோட் அடிச்சா சண்டை போடுற போன்

`Connection problem or invalid MMI code`னு வந்தா முதல்ல எழுத்தைப் பாருங்க. வாட்சாப்லருந்து காப்பி பண்ணின கோட்ல நட்சத்திரம் ஒண்ணு ரெண்டு காணாம போயிருக்கும், ஏன்னா வாட்சாப் அதை எழுத்த தடிப்பாக்குற குறின்னு எடுத்துக்கும். கையால அடிங்க. எழுத்து சரின்னா மொபைல் டேட்டாவை ஆன் பண்ணிட்டு திரும்ப அடிங்க, 2021 முடிவுல நம்ம நாட்டுல 3ஜிய மூடினதுக்கப்புறம் கால் நிறைய 4ஜியிலயே ஓடுது, சில போன்ல இந்த செட்டிங் டேட்டா வழியாத்தான் டெல்கோவுக்குப் போகும். அப்பவும் வரலன்னா உங்க பிளான்ல ஃபார்வேர்டிங்கே திறக்காம இருக்கலாம், கஸ்டமர் கேர்லதான் கேக்கணும்.

காசு விஷயம். மில் அண்ணனைக் கூப்பிட்டா மில்லுக்கு அண்ணன் நம்பர் வரைக்கும்தான் செலவு. அண்ணன் நம்பர்லருந்து அண்ணி நம்பர் வரைக்கும் போற துண்டுக்கு அண்ணன் காசு. பிரிபேய்ட்ல கிரெடிட் தீந்து போச்சுன்னா கால் அங்கயே நின்னுரும், குறிப்பு சரியா இருந்தாலும். பிளான்ல அன்லிமிடெட் கால்னு போட்டிருந்தாலும் ஃபார்வேர்ட் ஆன கால் அதுல சேருமான்னு தனியாக் கேட்டுக்குங்க.

ரெண்டு நாள் கழிச்சு அண்ணன் திரும்ப வந்தாரு. மூணாம் டிவிஷன்ல இருந்தப்ப மில் கால் அண்ணிக்குப் போயிருக்கு, அது சரி. ஆனா ராத்திரி தூங்கும்போது அவரு போனை ஆஃப் பண்ற பழக்கம், பன்னெண்டு மணிக்கு லோரி கூட்டாளி அடிச்ச கால் அண்ணிய எழுப்பிருச்சு, வீட்ல நல்ல ஏச்சு. `#62#` அடிச்சா அந்த வரிய அழிக்காம நிறுத்தி வைக்கலாம், காலையில `*62#` அடிச்சா அதே நம்பரோட திரும்ப வந்துரும், `##62#` அடிச்சாத்தான் அழிஞ்சு போகும்னு சொன்னேன். தினமும் யாரு தம்பி இதெல்லாம் ஞாபகம் வச்சு அடிக்கிறதுன்னாரு. சரி, ஆஃப் பண்ணாதீங்க, சைலண்ட்ல போட்டுட்டு சார்ஜ்ல வைங்கன்னேன். சைலண்ட்ல இருந்தா போன் லைன்ல இருக்கு, அதனால 62 இல்ல, எடுக்கலங்கிற 61தான், இருபது செகண்டுல வாய்ஸ்மெயிலுக்குப் போயிரும். இப்ப கூட்டாளி ராத்திரி பேசுறத எல்லாம் காலையில தேத்தண்ணி குடிச்சுக்கிட்டே கேக்குறாராம்.